கேலிக் கமெண்டுக்கு ஒரே ஒரு பதில்

கட்டுமானப் பொறியாளராக லிங்க்ட்இன்னில் எழுதுபவன் நான். பிபிசி எனும் கலப்பு சிமென்ட் போட்ட தளத்துக்கு 10 நாளாவது தண்ணீர் கட்டவேண்டும் என்று எழுதியிருந்தேன். "ஏழு நாள் போதும். சைட்டுப் பக்கமே போகாதவரெல்லாம் இன்ஜினியர்!" என்று ஒருவர் கீழே கமெண்ட் போட்டார்.

முதலில் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டேன். பிறகு அதை இரண்டாகப் பிரித்தேன். ஏழு நாள் என்பது பதில் சொல்லவேண்டிய வாதம். மிச்சம் வெறும் சீண்டல். அழித்திருந்தால் பதில் இல்லாமல் ஓடியதாகத்தான் தெரியும். படிக்கப்போகும் வாடிக்கையாளர்களை மனத்தில் வைத்து, மறுநாள் காலை எழுதினேன்:

"சார், சாதாரண ஓபிசி சிமென்ட்டுக்கு நீங்கள் சொல்லும் 7 நாள் சரி. கலப்பு சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நெறி ஐஎஸ் 456:2000, பிரிவு 13.5.1. உங்கள் சைட்டில் எந்த சிமென்ட்?"

அவர் மறுபடி கிண்டலடித்தார். புதிதாக வாதம் எதுவும் இல்லாததால் நான் பதில் போடவில்லை. எனக்காகச் சண்டைக்கு வந்த நண்பர்களைத் தனியாக அழைத்து, வேண்டாம் என்றேன். கூட்டமாகத் தாக்கினால் அனுதாபம் அவர் பக்கம் போய்விடும். சாதி, குடும்பம் என்று இறங்கியிருந்தால் மட்டும் பதிலே சொல்லாமல் புகார் செய்து நீக்கியிருப்பேன்.