மூன்று வருட ஒப்பந்தத்துக்கு எவ்வளவு தள்ளுபடி கொடுக்கலாம்?

பழைய வாடிக்கையாளரிடம் "மூன்று வருடத்துக்குப் போடுங்கள், 5% குறைத்து அதே விலையில் வைக்கிறோம்" என்று சொல்லும் முன் ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். இப்போதைய மாதக் கட்டணம் 100, வழக்கமாக வருடத்துக்கு 6% ஏற்றுவீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வருடமாகப் புதுப்பித்தால் மாதக் கட்டணம் 100, 106, 112.36 என்று போகும். மூன்று வருடமும் 95 என்றால், உண்மையில் நீங்கள் விட்டுக்கொடுப்பது 5% அல்ல, ஏறத்தாழ 10.5%. விலையை ஏற்றாமல் 100-லேயே வைத்திருப்பதே கிட்டத்தட்ட 5.8% தள்ளுபடிதான். பல சமயம் அதுவே போதும். முன்மொழிவில் இந்த மூன்று வருட ஒப்பீட்டை அப்படியே காட்டுங்கள்.

சிக்கல் வருவது பெரும்பாலும் இடையில் விலகும்போதுதான். 95-க்கு ஒப்புக்கொண்டவர் 12 மாதத்தில் போனால், ஒரு வருட வேலைக்கு மூன்று வருடத் தள்ளுபடியை வாங்கிக்கொண்டு போகிறார். அதனால், முன்கூட்டியே விலகினால் அதுவரை பெற்ற தள்ளுபடியை, இங்கே மாதம் 5 வீதம் 60, திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அபராதம் என்று பெயர் வைக்காதீர்கள், அந்தச் சொல்லே பேச்சைக் கெடுக்கும்.

நிலையான விலை எந்த அளவு வேலைக்கு என்பதையும் மணிக்கணக்கிலோ எண்ணிக்கையிலோ குறிப்பிடுங்கள். முன்மொழிவை ஒப்பந்தம் முடிய 90 நாள் இருக்கும்போதே அனுப்புங்கள். கடைசி வாரத்தில் போனால் அவசரத்தில் பழையபடி ஒரு வருடத்துக்கே கையெழுத்தாகும்.