அதே பாட்டில், வேறு அளவு: மெட்ரோனிடசோல் கொடுப்பதில் நடக்கும் தவறுகள்

"போன தடவை ஒன்றரை மில்லி கொடுத்தோம், அதையே கொடுத்துடறோம்" என்று சொல்லி பாட்டில் கேட்கிறவர்களை மருந்துக் கடையில் அடிக்கடி பார்க்கிறேன். போன தடவை குழந்தைக்கு வந்தது ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி. இந்தத் தடவை டாக்டர் எழுதியது அமீபா சீதபேதிக்கு. மருந்து ஒன்றுதான், ஆனால் அளவு இரண்டு மடங்கு.

உலக சுகாதார நிறுவனக் கணக்கில், ஜியார்டியாவுக்கு ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 5 மி.கி., அமீபாவுக்கு 10 மி.கி. இரண்டுமே தினம் மூன்று வேளை, 5 நாள். அமீபா கடுமையாக இருந்தால் 10 நாள். சில டாக்டர்கள் அமீபாவுக்கு இதைவிடக் கூட்டியும் எழுதுவார்கள்; அப்போது சீட்டில் இருப்பதுதான் கணக்கு.

12 கிலோ குழந்தை என்று வைத்துக்கொள்வோம். ஜியார்டியா என்றால் வேளைக்கு 60 மி.கி., அமீபா என்றால் 120 மி.கி. லேபிளில் '5 மில்லியில் 200 மி.கி.' என்றிருந்தால் ஒரு மில்லியில் 40 மி.கி. இருக்கிறது. ஆக முதலாவதற்கு ஒன்றரை மில்லி, இரண்டாவதற்கு 3 மில்லி. கடையில் '5 மில்லியில் 100 மி.கி.' பாட்டில் கைக்கு வந்தால் இவையும் இரட்டிப்பாகும். அதனால் மில்லியை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். லேபிளையும் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, மலத்தில் ரத்தம் கண்டாலே அமீபா என்று நினைப்பது. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் அது ஷிகெல்லா பாக்டீரியா. இந்த மருந்து அதற்குக் கேட்காது. ரத்தம் தெரிந்தால் கடைக்கு வராமல் நேராக டாக்டரிடம் போங்கள்.

சரி, இந்த மருந்தின் கசப்புக்கு வருவோம். மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைப்பார்கள். அந்தக் கசப்பு எதிலும் அடங்காது, ஒரு வயதுக்குள் தேனும் கூடாது. சிரப்பில் இருப்பது பென்சோயேட் வடிவம், கசப்பு குறைவு. அதைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே கொடுங்கள். பால் பாட்டிலில் கலந்தால் குழந்தை பாதியில் விட்டுவிடும், எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது.

பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். மருந்து அடியில் தங்கினால் முதல் நாள் வேளைகள் நீர்த்தும் கடைசி வேளைகள் கெட்டியாகவும் போகும். சமையலறை ஸ்பூன் வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து, குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, கன்னத்தின் உட்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மூக்கைப் பிடித்து ஊற்றினால் புரையேறும். விழுங்கியதும் ஒரு வாய் தண்ணீர்.

அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் அதே அளவை மறுபடி கொடுக்கலாம். அதற்குப் பிறகு என்றால் அடுத்த வேளை வரை பொறுங்கள். ஒவ்வொரு வேளையும் வாந்தி என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீர் கொஞ்சம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம், மருந்தின் நிறம்தான் அது.

மூன்றாம் நாளே பேதி நின்றுவிடும், பாட்டிலும் ஃப்ரிட்ஜ் மேல் ஏறிவிடும். அப்படி நிறுத்தாதீர்கள், சீட்டில் எழுதிய நாள் முழுக்கக் கொடுங்கள். அப்புறம் அமீபாவில் குடலுக்குள் கெட்டியான உறைக்குள் இருக்கும் கிருமியை, அதாவது சிஸ்டை, இந்த மருந்து முழுதாக அழிப்பதில்லை. அதற்கு டைலாக்சனைட் போல இன்னொரு மருந்து தேவையா என்று முடிக்கும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.