சீலா தின்ற லாபம்: சிறு ஹோட்டலுக்கு மெனு அட்டை போடுவது எப்படி

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் மதியச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறோம். சீலா மீன் வறுவல்தான் அதிகம் போகும். ஆனாலும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்காது. தப்பு மெனு அட்டையில் இருந்தது.

1. துண்டை எண்ணுங்கள்

நான் வழுக்கிய இடம் இதுதான். சீலா கிலோ 900 ரூபாய், 100 கிராம் துண்டு, ஆக 10 துண்டு, ஒன்று 90 ரூபாய் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் வெட்டிய பிறகு தராசில் வைத்தேன். தலை, குடல், செதில் போக 700 கிராம்தான் நின்றது. ஏழே துண்டு. ஒன்று 129 ரூபாய். மசாலா, எண்ணெய்க்கு 12 சேர்த்தால் 141. விற்றது 180-க்கு. நின்றது 39 ரூபாய். தலை குழம்புக்குப் போகிறதே என்பீர்கள். அந்தக் குழம்பைச் சாப்பாட்டோடு சும்மாதானே ஊற்றுகிறோம்!

அதே நாள் ஊசிக் கணவாய் கிலோ 300. சுத்தம் செய்தால் 650 கிராம், ஐந்து தட்டு. தட்டுக்கு 60, மசாலா வெங்காயத்துக்கு 20. 160-க்கு விற்றால் 80 ரூபாய் நிற்கும்.

2. நிற்கும் ரூபாயைப் பாருங்கள்

சதவீதம் ஏமாற்றும். 20 ரூபாய் ஆம்லெட்டில் பாதி லாபம் என்றாலும் கிடைப்பது 10 ரூபாய்தான். செல்போனில் ஒரு விரிதாள் போதும், பில் மென்பொருள் எல்லாம் பிறகு பார்க்கலாம். A-யில் கிலோ விலை, B-யில் கிடைத்த துண்டு, C-யில் மசாலாச் செலவு, D-யில் விற்கும் விலை:

```
=D2-(A2/B2+C2)
```

3. அட்டையை மாற்றுங்கள்

விலைகளை வலது ஓரத்தில் ஒரே வரிசையாக அடுக்காதீர்கள். கண் மேலிருந்து கீழே போய், குறைந்த விலையில் நின்றுவிடும். பெயரை ஒட்டியே விலையை எழுதுங்கள்: ‘கணவாய் ரோஸ்ட் 160’. மீன் பகுதியில் அதுதான் முதல் வரி, அதற்கு மட்டும் ஒரு கட்டம். நான்கு உணவுக்குக் கட்டம் போட்டால் எதுவும் தனியாகத் தெரியாது. சீலாவை 200 ஆக்கி நடுவில் வைத்தேன். சீலா கேட்டு வருபவர் எப்படியும் தேடி எடுப்பார். மற்றவருக்கு அதன் பக்கத்தில் கணவாய் மலிவாகத் தெரியும்.

லேமினேட் செய்யாதீர்கள். சாதாரண A4 தாள்தான் நல்லது, மீன் விலை மாறினால் அன்றே மாற்றலாம்.

பின்சேர்க்கை: தொண்டியில் கடை வைத்திருக்கும் ஒரு வாசகர், தடைக்காலத்தில் என்ன செய்வது என்று கேட்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது, கணவாய் வரத்து குறையும். கட்டத்தில் இருப்பதை வாடிக்கையாளர் கேட்டு ‘இல்லை’ என்ற பதில் வந்தால், அடுத்து அவர் கேட்பது வெறும் சாப்பாடுதான். அதனால் அந்த 61 நாளுக்குத் தனி அட்டை வைத்திருக்கிறேன். அதில் கட்டத்துக்குள் ‘இன்றைய நாட்டுப்படகு மீன்’ மட்டும். விலையைக் காலையில் துண்டு எண்ணிய பிறகு கரும்பலகையில் எழுதுகிறோம்.