தேர்ச்சி பெறுவோரின் விழுக்காட்டை எக்செலின் NORM.DIST சார்பைக் கொண்டு மதிப்பிடுவது எப்படி?

எல்லா மாணவர்களின் மதிப்பெண்களும் கையில் இருந்தால் தேர்ச்சி பெற்றவர்களை நேரடியாக எண்ணிவிடலாம். சராசரியும் திட்டவிலக்கமும் மட்டுமே தெரிந்திருக்கும்போதோ, இனி நடக்கவிருக்கும் தேர்வுக்கு முன்கூட்டியே ஒரு மதிப்பீடு தேவைப்படும்போதோதான் மணி வடிவ வளைவரையாக அமையும் இயல்நிலைப் பரவலை நாட வேண்டும்.

நூறு மதிப்பெண்களுக்கான ஒரு தேர்வில் சராசரி 52, திட்டவிலக்கம் 12, தேர்ச்சி மதிப்பெண் 40 என்று வைத்துக்கொள்வோம். முதலில், தேர்ச்சி மதிப்பெண் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பாருங்கள். 40-இலிருந்து 52-ஐக் கழித்து 12-ஆல் வகுத்தால் −1 கிடைக்கிறது. அதாவது, அது சராசரிக்கு ஒரு திட்டவிலக்கம் கீழே உள்ளது. ஆகவே, விடை நிச்சயமாகப் பாதிக்கு மேல் இருக்க வேண்டும் என்பதைக் கணக்கிடும் முன்பே மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எக்செல் விரிதாளின் ஒரு கட்டத்தில் இதை உள்ளிடுங்கள்:

```
=1-NORM.DIST(40,52,12,TRUE)
```

விடை 0.8413, அதாவது ஏறத்தாழ 84 விழுக்காடு. இந்தச் சார்பு 40 வரையிலான பங்கையே, அதாவது 0.1587-ஐயே தருகிறது, நமக்கு வேண்டியது அதற்கு மேலுள்ள பங்கு என்பதால்தான் 1-இலிருந்து கழிக்கிறோம். கழிக்க மறந்தவருக்கு 16 விழுக்காடு என்று வரும். முன்பு குறித்துக்கொண்ட "பாதிக்கு மேல்" என்பது அந்தப் பிழையை உடனே காட்டிக்கொடுக்கும். TRUE இருக்க வேண்டிய இடத்தில் FALSE இட்டால், சார்பு வளைவரையின் உயரமான 0.0202-ஐத் தரும், அது மாணவர்களின் பங்கே அன்று.

மதிப்பெண்கள் முழு எண்களாகவே வழங்கப்படும் தேர்வில் இன்னொரு திருத்தமும் தேவை. சரியாக 40 பெற்றவரும் தேர்ச்சி பெற்றவரே. ஆனால் தொடர்ச்சியான வளைவரையில் 40 என்ற மதிப்பெண் 39.5 முதல் 40.5 வரையிலான பட்டையாக அமைவதால், அதன் பாதி மேற்கண்ட கணக்கில் விடுபட்டுவிடுகிறது. எல்லையை 39.5 என மாற்றினால் விடை 0.8512 ஆகும். இருநூறு மாணவர்களுக்கு முதல் கணக்கு 168 பேரையும் இது 170 பேரையும் காட்டும். வேறுபாடு சிறிதே என்றாலும், திருத்திய எண்ணையே நான் பரிந்துரைப்பேன்.

இவை அனைத்தும் மதிப்பெண்கள் மணி வடிவில் பரவியிருந்தால்தான் பொருந்தும். நன்கு பயின்ற குழுவும் பின்தங்கிய குழுவும் ஒன்றாகத் தேர்வெழுதி, மதிப்பெண்கள் இரண்டு முகடுகளாகப் பிரிந்திருந்தால், ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியே கணக்கிட வேண்டும். தேர்வு மிக எளிதாக அமைந்து சராசரி 85-ஆக உயர்ந்தாலும் வடிவம் கெடும். அதை அறிய, அதே சூத்திரத்தில் 100-ஐ எல்லையாக இட்டுப் பாருங்கள்:

```
=1-NORM.DIST(100,85,12,TRUE)
```

இது 0.1056-ஐத் தருகிறது. பத்தில் ஒருவருக்கு மேல் நூற்றைத் தாண்டுவார் என்று சொல்லும் வளைவரை அந்தத் தேர்வுக்குப் பொருந்தாது. அங்கே முந்தைய தேர்வுகளின் மதிப்பெண்களை எண்ணிப் பெறும் விழுக்காடே நம்பத்தக்கது.