உச்ச நேரம் கண்டுபிடித்தாயிற்று, அப்புறம்தான் சறுக்குகிறார்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடி அறையில் பி.பார்ம் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். ஆறாவது செமஸ்டரில் பார்மகோகைனடிக்ஸ் வந்ததும், என் காலத்தில் நான் செய்த அதே தவறுகளை அதே வரிசையில் இவர்களும் செய்கிறார்கள். குறியை மாற்றிப் போடுவது, அலகு எழுத மறப்பது எல்லாம் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கை வைத்துக்கொள்வோம். ஒருவர் 500 மி.கி. மாத்திரை ஒன்றை விழுங்குகிறார். அது முழுவதும் ரத்தத்துக்குள் வந்துவிடும் என்று கொள்வோம். பரவல் கொள்ளளவு 40 லிட்டர். உறிஞ்சப்படும் வேக மாறிலி ka மணிக்கு 1.2, வெளியேறும் வேக மாறிலி ke மணிக்கு 0.2. அப்போது ரத்தத்தில் மருந்தின் செறிவு, லிட்டருக்கு மி.கி. கணக்கில்:

```
C(t)  = 15 (e^(-0.2t) - e^(-1.2t))
C'(t) = 15 (1.2 e^(-1.2t) - 0.2 e^(-0.2t))
```

உச்சியில் C' பூஜ்யம். அதாவது 1.2 e^(-1.2t) = 0.2 e^(-0.2t). இரண்டு பக்கமும் வகுத்தால் e^t = 6, ஆக t = ln 6 = 1.79 மணி. பொதுவாக எழுதினால் ln(ka/ke) / (ka - ke). இதுவரை வகுப்பில் எல்லோரும் ஒழுங்காக வந்துவிடுகிறார்கள்.

log பொத்தானை அழுத்துவது

கால்குலேட்டரில் ln-க்குப் பதில் log அழுத்தினால் 0.78 மணி, அதாவது 47 நிமிடம் என்று வரும். ஒரு மணியில் செறிவு 7.76, இரண்டு மணியில் 8.69. ஏறிக்கொண்டே போகிற கோட்டுக்கு 47-ஆவது நிமிடத்தில் உச்சி எப்படி இருக்கும்? விடையைப் பக்கத்து அளவுகளோடு ஒட்டிப் பார்த்தால் போதும். log-தான் வேண்டுமென்றால் முன்னால் 2.303 போட்டுப் பெருக்குங்கள்.

உச்சி வந்தால் உறிஞ்சுவது முடிந்துவிட்டது என்று நினைப்பது

இதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். போன மாதம் காசிமேட்டுப் பையன் ஒருவன், "பீக் வந்துட்ச்சு சார், மாத்திரை உள்ள போயி முடிஞ்சிட்ச்சு, இனிமே இறங்குறதுதான்" என்றான். கடைசி வருட வைவாவில் நானும் இதையேதான் சொன்னேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என் ரெக்கார்டைப் புரட்டிக்கொண்டே, "அந்த நேரத்துல குடல்ல எவ்வளவு மருந்து பாக்கி?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். ரெக்கார்டை மூடிவிட்டார்.

பாக்கியைக் கணக்கிடுவது சுலபம். உறிஞ்சப்படாத பங்கு e^(-1.2 × 1.79), அதாவது 0.1165. 500 மி.கி.யில் சுமார் 58 மி.கி. இன்னும் குடலில்தான் இருக்கிறது. உடலுக்குள் இருப்பது 8.73 × 40, ஏறக்குறைய 349 மி.கி. மீதி 93 மி.கி. ஏற்கெனவே வெளியேறிவிட்டது.

இப்போது வேகங்களைப் பாருங்கள். குடலிலிருந்து உள்ளே வருவது 1.2 × 58, மணிக்கு 70 மி.கி. உடலிலிருந்து வெளியே போவது 0.2 × 349, அதுவும் மணிக்கு 70 மி.கி. வகைக்கெழு பூஜ்யம் என்பதற்கு இதுதான் பொருள். வரவும் செலவும் அந்த ஒரு கணத்தில் சமம். வரவு நின்றுவிட்டது என்று அது சொல்லவில்லை.

அந்தப் பையனிடம், "விடியற்காலை ஏலத்துல மீன் குவியல் எப்படா பெருசா இருக்கும்? கடைசி படகு இறக்கி முடிச்சப்புறமா?" என்று கேட்டேன். யோசித்து, "இல்ல சார், அதுக்குள்ள பாதிய வண்டில ஏத்திட்டு போயிருப்பாங்க" என்றான். படகு வந்துகொண்டிருக்கும்போதே குவியல் இறங்கத் தொடங்கிவிடுகிறது. இரண்டும் ஒரே விஷயம்தான்.

வைவாவில் மார்க் போனது பெரிய நஷ்டமில்லை. உச்சிக்குப் பிறகு வருவதெல்லாம் சுத்தமான வெளியேற்றம் என்று நம்பி, அங்கிருந்தே சாய்வெடுத்து ke கண்டுபிடிப்பதுதான் நஷ்டம். என் ரெக்கார்டில் அதைத்தான் செய்திருந்தேன். இந்தக் கணக்கில் செய்து காட்டுகிறேன்.

இரண்டு மணியில் 8.69, நான்கு மணியில் 6.62. ln(8.69/6.62) = 0.272, இரண்டால் வகுத்தால் ke 0.136. அரைவாழ்வு 0.693/0.136, சுமார் 5.1 மணி. உண்மையான அரைவாழ்வு 3.47 மணிதான். குடலிலிருந்து இன்னும் வந்துகொண்டிருக்கும் மருந்து இறக்கத்தைத் தாங்கிப் பிடிப்பதால், வெளியேற்றம் மந்தமாக இருப்பதுபோலத் தெரிகிறது.

இதே தப்பான 0.136-ஐ உச்ச நேரச் சூத்திரத்தில் போட்டால் 2.05 மணி வரும். சரியான விடைக்குக் கால் மணி நேரம்தான் வித்தியாசம், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் எட்டு மணி நேரம் கழித்து உடலில் எவ்வளவு மிஞ்சும் என்று அதே ke-யை வைத்துக் கேளுங்கள். ஒவ்வொரு எட்டு மணிக்கும் அளவு மூன்றில் ஒரு பங்காகத்தான் குறையும் என்று சொல்லும். உண்மையில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. இதை நம்பி அடுத்த டோஸைத் தள்ளிப்போட்டால், நோயாளியின் ரத்தத்தில் மருந்து போதாமல் போகும்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. இரண்டாம் வகைக்கெழு பூஜ்யமாகும் இடம் சரியாக உச்ச நேரத்தின் இரண்டு மடங்கு, இங்கே 3.58 மணி. அதுவரை கோடு கீழ்நோக்கி வளைந்து, இறக்கத்தின் வேகம் கூடிக்கொண்டே போகும். தனியாக வெளியேறும் மருந்தின் கோடு அப்படி வளையாது, அதன் வேகம் குறைந்துகொண்டேதான் வரும். ஆகவே அந்த வளைவு மாறும் வரை எடுத்த புள்ளிகளைத் தொடவே கூடாது. அதைத் தாண்டியதும் உடனே பாயவும் வேண்டாம். நான்கு மணியில்கூட உள்ளூர்ச் சாய்வு 0.18தான். எட்டு மணியில் 3.03, பன்னிரண்டு மணியில் 1.36 என்று எடுத்தால் ln(3.03/1.36)/4 = 0.2 என்று ஒழுங்காக வரும். செமி-லாக் தாளில் கடைசி மூன்று புள்ளிகளாவது ஒரே நேர்கோட்டில் விழுகின்றனவா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டுச் சாய்வெடுங்கள்.

டோஸை இரட்டித்தால் உச்ச நேரமும் மாறும் என்பது

மாறாது. 500, 40 இரண்டும் அந்த முன்னால் நிற்கும் 15-க்குள்தான் இருக்கின்றன. வகைக்கெழுவைப் பூஜ்யமாக்கும்போது அது அடிபட்டுப் போகும். உயரம் இரட்டிக்கும், நேரம் அப்படியே இருக்கும். ஃபெனிட்டாயின் மாதிரி, வெளியேற்றம் ஓர் அளவுக்கு மேல் திணறும் மருந்துகளுக்கு இந்தச் சூத்திரமே பொருந்தாது.

ka-வையும் ke-யையும் இடம் மாற்றிப் போடுவது

உச்ச நேரம் இதைக் காட்டிக்கொடுக்காது. சூத்திரத்தில் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், அதே 1.79. மெதுவாகக் கரையும் மாத்திரைகளில் கடைசிச் சாய்வு ke ஆக இல்லாமல் ka ஆகவே இருக்கலாம். நரம்பு ஊசியில் அதே மருந்தைக் கொடுத்து எடுத்த தரவு இருந்தால்தான் எது எது என்று பிரித்துச் சொல்ல முடியும்.

ka = ke

பூஜ்யத்தின் கீழ் பூஜ்யம் வரும், பயப்பட வேண்டாம். உச்ச நேரம் 1/k.