கைத்தறித் துணியைப் படத்தில் ஒப்பிடுவதற்கு முன்: ஸ்கேல் ஒன்று கையில் இருக்கட்டும்

ஊருக்குப் போய் நாலு கடை ஏறி இறங்கி, பிடித்த துணியையெல்லாம் போனில் படம் எடுத்து, ராத்திரி உட்கார்ந்து எதை வாங்கலாம் என்று பார்ப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது, படத்துக்குள் ஓர் அளவு இருக்கிறதா என்பதைத்தான். கொஞ்சம் தள்ளி நின்று எடுத்த துணி எப்போதும் நெருக்கமாக நெய்தது போலத் தெரியும், கிட்டத்தில் எடுத்தது பாவம், நல்ல துணியாக இருந்தாலும் சல்லடை மாதிரி தெரியும்.

துணியை இழுக்காமல் மேசையில் விரித்து, ஸ்கேலை ஒருமுறை குறுக்கே வைத்தும் ஒருமுறை நீளவாக்கில் வைத்தும் நேர் மேலிருந்து எடுங்கள். குறுக்கே வைத்ததில் ஒரு சென்டிமீட்டருக்குள் நீளவாக்கில் ஓடும் பாவு இழை எத்தனை என்று எண்ணலாம், நீளவாக்கில் வைத்ததில் குறுக்கே ஓடும் ஊடை இழை.

போன தடவை நான் இரண்டு பருத்திச் சேலைகளை இப்படித்தான் பார்த்தேன். இரண்டிலும் பாவு 28. ஊடையை மூன்று இடத்தில் எண்ணினேன்: முதல் சேலையில் 24, 23, 24, இரண்டாவதில் 19, 22, 17. அங்குலக் கணக்கு வேண்டுமென்றால் 2.54 ஆல் பெருக்குங்கள், 24 என்பது ஏறக்குறைய 61. எண்ணிக்கை குறைவு என்பதைவிட, இடத்துக்கு இடம் மாறியதுதான் எனக்கு உறுத்தியது. ஊடையை அடித்துச் சேர்க்கும் விசை சீராக இல்லையென்றால் இப்படி வரும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எடுத்த படத்தில் குறுக்குப் பட்டைகளாகத் தெரிந்தது. ஒன்றிரண்டு இழை வித்தியாசம் கைத்தறியில் இயல்பு, அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

ஆனால் இரண்டு துணியிலும் நூல் ஒரே பருமனாக இருந்தால்தான் இந்த எண்ணிக்கையை வைத்துப் பேச முடியும். தடித்த நூல் குறைவாக இருந்தாலும் துணி நிறைவாகவே இருக்கும்.

நூலின் சீரைப் பார்க்க வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழ வேண்டும், மேலிருந்து ஃபிளாஷ் அடித்தால் மேடு பள்ளம் எல்லாம் மறைந்துவிடும். ஓர் இழை சிறிது தூரம் மட்டும் தடித்து மறுபடி மெலிந்தால் அது நூற்பில் வந்தது, கையால் நூற்ற நூலில் அது இருக்கத்தான் செய்யும். நீளவாக்கில் மெல்லிய கோடு போல இடைவெளி ஓடினால் கவனம்: பாவு இழை அறுந்ததைக் கவனிக்காமல் நெய்திருக்கிறார்கள், அது எவ்வளவு தூரம் போகிறது என்று துணியைப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும், ஒரு படம் போதாது.

அப்புறம் கஞ்சி. இழைகளுக்கு நடுவே கஞ்சி அடைந்திருந்தால் படத்தில் அடர்த்தியாகத் தெரியும், துவைத்ததும் கண் திறந்துவிடும். இதைப் படம் காட்டாது, கடையிலேயே ஓர் ஓரத்தை விரலுக்கிடையில் கசக்கிப் பாருங்கள், வெள்ளையாகத் தூள் உதிர்ந்தால் அந்தத் துணியின் படத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

வீட்டில் காட்ட வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் சுருங்கிப்போய் இழையே எண்ண முடியாது.