ஆயில், கிரீஸ் அட்டவணையைத் தமிழாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கன்வேயரை ஓட்டும் மோட்டாரையும் கியர்பாக்ஸையும் எடுத்துக்கொள்வோம். கையேட்டில் இவற்றுக்கு இரண்டே வரிகள்தான். மோட்டார் பேரிங்குக்குப் பாலியூரியா கிரீஸ், என்எல்ஜிஐ 2, அடிப்படை எண்ணெய் 40 டிகிரி செல்சியஸில் 100 சென்டிஸ்டோக்ஸ், 20 கிராம், 2000 ஓட்ட மணி நேரத்துக்கு ஒருமுறை. கியர்பாக்ஸுக்கு ஐஎஸ்ஓ விஜி 220 ஆயில்; வாரம் ஒருமுறை அளவு பார்க்க வேண்டும்; முதல் 500 மணி நேரம் ஓடியதும் ஆயிலை மாற்ற வேண்டும்; அதன்பின் 5000 மணி நேரம் அல்லது 12 மாதம், எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும்.

இது தமிழாகி, தொழிலாளிகளுக்கான தாளாகச் சுவருக்கு வரும்போது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "மோட்டார்: கெட்டி கிரீஸ் 2, 20 முறை, 3 மாதம். கியர்பாக்ஸ்: அடர்த்தி 220 ஆயில், வாரம் ஒருமுறை நிரப்பவும், ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவும்." படிக்கச் சிக்கலே இல்லை. ஆனால் இதன்படி வேலை செய்தால் மோட்டாரும் கெடும், கியர்பாக்ஸும் கெடும்.

முதலில் 'அடர்த்தி 220'. ஐஎஸ்ஓ விஜி எண் சொல்வது அடர்த்தியை அல்ல. 40 டிகிரியில் ஆயில் எவ்வளவு தயங்கித் தயங்கி ஓடுகிறது என்பதைத்தான், அதாவது பாகுத்தன்மையை. 220 என்றால் அந்த வெப்பநிலையில் 220 சென்டிஸ்டோக்ஸ். பத்து சதவீதம் முன்பின் இருக்கலாம் என்பதால் 198 முதல் 242 வரை. ஹைட்ராலிக்கில் ஊற்றும் 46-க்கும் கியர்பாக்ஸில் ஊற்றும் 220-க்கும் அடர்த்தியில் பெரிய வித்தியாசம் கிடையாது, பாகுத்தன்மையில் ஏறக்குறைய ஐந்து மடங்கு வித்தியாசம். பேச்சில் 'அடர்த்தியான ஆயில்' என்று நாம் சொல்வதுதான். அதில் தவறில்லை. ஆனால் தாளில் அடர்த்தி என்று எழுதினால், ஆய்வக அறிக்கையில் அதே பெயரில் வேறோர் எண் வரும்போது யாராவது இரண்டையும் ஒப்பிட்டுக் குழம்புவார்கள்.

இதைவிட ஆபத்தானது, எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அதன் முன்னொட்டை விட்டுவிடுவது. பழைய கையேடு ஒன்றில், எஸ்ஏஇ என்ற வேறோர் அளவுமுறையில், எஸ்ஏஇ 90 கியர் ஆயில் என்று இருக்கும். மொழிபெயர்ப்பில் அது '90 ஆயில்' ஆகும். ஸ்டோரில் ஐஎஸ்ஓ விஜி டிரம்கள்தான் வரிசையாக நிற்கின்றன: 68, 100, 150, 220. அந்த வரிசையில் 90 என்று ஒன்று கிடையவே கிடையாது. கொடுப்பவர் என்ன செய்வார்? பக்கத்து எண்ணான 100-ஐக் கொடுப்பார். எஸ்ஏஇ 90 கியர் ஆயிலின் பாகுத்தன்மை உண்மையில் விஜி 150-க்கும் 220-க்கும் அக்கம்பக்கத்தில் வரும். 100-ஐ ஊற்றினால் பாரம் ஏறும்போது பற்களுக்கு நடுவே ஆயில் படலம் நிற்காது. போதாக்குறைக்கு, எஸ்ஏஇ அளவிலேயே என்ஜின் ஆயிலுக்கு ஒரு வரிசை, கியர் ஆயிலுக்கு இன்னொரு வரிசை. என்ஜின் ஆயில் 50-ம் கியர் ஆயில் 90-ம் பாகுத்தன்மையில் நெருங்கிய உறவினர்கள். எண்களைப் பார்த்தால் யாருக்கும் அது தோன்றாது.

அதனால் கிரேடை மொழிபெயர்க்காதீர்கள். டிரம்மில் ஆங்கில எழுத்தில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே தாளில் போடுங்கள். கையேட்டில் எஸ்ஏஇ இருந்து ஸ்டோரில் ஐஎஸ்ஓ இருந்தால், இரண்டையும் பொருத்துவது மொழிபெயர்ப்பாளரின் வேலை அல்ல. பொறுப்பான இன்ஜினியரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 'கிட்டத்தட்ட இதுதான்' என்று நீங்களாக ஒரு எண்ணைப் போட்டுவிட்டால், நாளை அதுவே சட்டமாகிவிடும்.

அடுத்தது 'கெட்டி கிரீஸ் 2'. கிரீஸ் வரியில் இரண்டு எண்கள் இருந்தன என்பதைக் கவனியுங்கள். என்எல்ஜிஐ 2 என்பது கிரீஸ் எவ்வளவு இறுக்கமாக நிற்கிறது என்பதைச் சொல்வது. 25 டிகிரியில் பிசைந்த கிரீஸின் மேல் ஒரு கூம்பை விட்டு, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளப்பார்கள். 26.5 முதல் 29.5 மில்லிமீட்டர் வரை இறங்கினால் அது இரண்டாம் எண் கிரீஸ். 100 சென்டிஸ்டோக்ஸ் என்பது வேறு விஷயம்; அந்தக் கிரீஸுக்குள் இருக்கும் எண்ணெயின் பாகுத்தன்மை அது. பேரிங்கில் உண்மையில் படலம் போடுவது இந்த எண்ணெய்தான். மற்ற பொருள் அதைப் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவே.

இரண்டையும் 'கெட்டி' என்ற ஒரே சொல்லில் அடக்கினால் ஒன்று காணாமல் போகும். காணாமல் போவது எப்போதும் இரண்டாவது எண்தான். அதற்குக் காரணமும் உண்டு: உள்ளே 100 எண்ணெய் இருக்கும் இரண்டாம் எண் கிரீஸும், 460 எண்ணெய் இருக்கும் இரண்டாம் எண் கிரீஸும் விரலில் எடுத்துப் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். 460 மெதுவாகச் சுற்றிப் பெரும் பாரம் தாங்கும் பேரிங்குக்கானது. வேகமாகச் சுற்றும் மோட்டாரில் அதை வைத்தால் பேரிங் சூடாகும். தாளில் 'இறுக்கம்' என்று ஒரு கட்டம், 'உள்ளெண்ணெய் பாகுத்தன்மை' என்று இன்னொரு கட்டம் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. 'பாலியூரியா' என்பது எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும் அந்த மற்ற பொருளின் பெயர்; அதையும் அலங்காரம் என்று நினைத்து வெட்டிவிடக் கூடாது. பாலியூரியா கிரீஸோடு லித்தியம் கிரீஸ் கலந்தால் பல நேரங்களில் கலவை இளகி வழிந்துவிடும்.

இனி '20 முறை'. கையேட்டில் இருந்தது 20 கிராம். கிரீஸ் கன்னை ஒருமுறை அழுத்தினால் எத்தனை கிராம் வரும் என்பது கன்னுக்குக் கன் மாறும். ஒரு தாளை எடைத் தராசில் வைத்து, அதன்மேல் பத்து முறை அழுத்தி நிறுத்துப் பாருங்கள். 13 கிராம் வந்தால் ஓர் அழுத்துக்கு 1.3 கிராம், 20 கிராமுக்குப் பதினைந்து அழுத்து போதும். இருபது அழுத்தினால் 26 கிராம் போய்விடும். மிச்சம் போக வழியில்லாமல் பேரிங்குக்குள்ளேயே கடையப்பட்டுச் சூடாகும், சீலைத் தள்ளும், சில மோட்டார்களில் சுருள் வரைக்கும் போய் அப்பும். அதனால் "20 கிராம் (இந்தக் கன்னில் 15 அழுத்து)" என்று எழுதி, கன்னிலும் ஓர் எண் குறித்துவிடுங்கள்.

எண்ணே தவறாக நகலாகியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் சரிபார்க்க எளிய கணக்கு ஒன்று உண்டு. பேரிங்கின் வெளிவிட்டத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் எடுத்து,

```
G = 0.005 × D × B
```

என்று பெருக்கினால் தேவையான கிராம் வரும். நம் மோட்டாரில் 6312 பேரிங் என்றால் D 130, B 31, விடை 20.15. தாளில் 200 என்று இருந்தால் ஒரு சுழி கூடியிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். ஐரோப்பியக் கையேடுகளில் இதுபோல இன்னொரு கண்ணி: 8.000 என்று இருப்பது பல நேரங்களில் எட்டாயிரம், எட்டு அல்ல. புள்ளியைப் பார்த்ததும் தசமம் என்று முடிவுகட்ட வேண்டாம்.

கால இடைவெளிக்கு வருவோம். என்னைக் கேட்டால் அதிகச் சேதம் இங்கேதான். 2000 மணி நேரத்தை '3 மாதம்' ஆக்கியவர், இயந்திரம் இரவு பகலாக ஓடுகிறது என்று தானாகவே நினைத்துக்கொண்டார். அப்படி ஓடினால் 83 நாள், சரி. ஒரே ஷிப்ட், எட்டு மணி நேரம் என்றால் 250 வேலை நாள். அங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிரீஸ் அடிப்பது தேவையைப் போல மூன்று மடங்கு. கியர்பாக்ஸில் தவறு எதிர்ப்பக்கம் விழுகிறது: தொடர்ந்து ஓடினால் 5000 மணி நேரம் ஏழு மாதத்துக்குள் முடிந்துவிடும், தாளோ ஆண்டுக்கு ஒருமுறை என்கிறது. 'எது முந்துகிறதோ' என்ற சின்னத் துணுக்கை விட்டதால் வந்த வினை. அதோடு முதல் 500 மணி நேர மாற்றத்தையே காணோம். புதுப் பற்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் இரும்புத் துகளெல்லாம் அந்த முதல் ஆயிலில்தான் மிதக்கும்.

நேரத்தை எழுதும்போது 'மணி' என்று மட்டும் நிறுத்தாதீர்கள். 'ஓடிய மணி நேரம்' என்று எழுதி, எந்த மீட்டரைப் பார்க்க வேண்டும் என்பதையும் சேருங்கள். 'இரு வார' போன்ற சுருக்கங்களும் வேண்டாம். வாரம் இருமுறையா, இரண்டு வாரத்துக்கு ஒருமுறையா? ஆங்கில மூலத்திலேயே இந்தக் குழப்பம் உண்டு, அதனால் மூலத்தை எழுதியவரிடம் கேட்காமல் முடிவெடுக்க முடியாது.

கடைசியாக வினைச்சொல். 'வாரம் ஒருமுறை நிரப்பவும்' என்று படித்த தொழிலாளி வாரந்தோறும் ஊற்றத்தான் செய்வார். அளவு ஏற ஏற கியர் அதை அடித்து நுரையாக்கும், சூடேறும், சீல் வழியே கசியும். கையேடு சொன்னது பார்க்க மட்டும்தான். 'ஆயில் விடு' என்ற பட்டறைச் சொல்லும் இரண்டு வேலைக்கும் பொருந்துவதால் தாளுக்கு உதவாது. "ஓட்டத்தை நிறுத்திவிட்டு லெவல் கிளாஸைப் பார், நடுக்கோட்டுக்குக் கீழே இருந்தால் மட்டும் கோடு வரை ஊற்று" என்பது ஒரு வேலை. "சூடு இருக்கும்போதே முழுதும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்று" என்பது இன்னொரு வேலை. கிரீஸிலும் இப்படியே: 'கிரீஸ் அடி' வேறு, 'பேரிங்கைக் கழற்றிக் கழுவிப் புதுக் கிரீஸ் வை' வேறு.

தாள் தயாரானதும், அதைச் சுவரில் ஒட்டும் முன் ஆயில் போடும் தொழிலாளி ஒருவரிடம் கொடுங்கள். புரிகிறதா என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். எந்த டிரம், எந்தக் கன், எத்தனை அழுத்து, மீட்டரில் என்ன எண் வந்தால் அடுத்த வேலை என்று கேளுங்கள். கையால் காட்டச் சொல்லுங்கள். அவர் தயங்கும் கட்டம்தான் திருத்த வேண்டிய கட்டம். தாளின் அடியில் மூலக் கையேட்டின் பக்க எண்ணும் தேதியும் இருக்கட்டும். ஸ்டோரில் ஆயில் பிராண்டோ ஷிப்ட் எண்ணிக்கையோ மாறினால், திருத்த வேண்டிய தாள் எது என்று தேட அவை உதவும்.